வேலைக் கடிதத்தில் மூன்று வரிகள்
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் வீட்டுப் பிள்ளைகள் ஏ.எல். முடித்துவிட்டு தேயிலை பெக்டரிகளில் மேற்பார்வையாளர்களாகச் சேர்கிறார்கள். கையில் ஒரு நியமனக் கடிதம் கிடைக்கிறது. சம்பளத் தொகையைப் பார்த்ததும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கடிதத்தில் இருக்கும் வேறு மூன்று வரிகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். உதாரணத்துக்கு 2024 மார்ச் 1ஆம் திகதி வேலை தொடங்குவதாக ஒரு கடிதத்தை வைத்துக்கொள்வோம்.

முதல் வரி: "தாங்கள் ஆறு மாத காலத்துக்குத் தகுதிகாண் நிலையில் இருப்பீர்கள்; தேவைப்படின் இக்காலம் நீடிக்கப்படலாம்."

தகுதிகாண் காலம் என்பது வேலை பழகிக் காட்டும் காலம். அதற்காக அந்தக் காலத்தில் உரிமையே இல்லை என்று நினைக்கக் கூடாது. ஈ.பி.எஃப். முதல் நாளிலிருந்தே கட்டப்பட வேண்டும்: நம் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம். "நிரந்தரமானதும் கட்டுவோம்" என்று யாராவது சொன்னால் அது சட்டமல்ல.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலை முடிவுறுத்தல் சட்டம், பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்குப் பொருந்தும். பன்னிரண்டு மாதத்துக்குள் 180 நாள் வேலை செய்தவருக்கு அது பாதுகாப்புத் தருகிறது. விடுமுறை நாட்களும் பொதுவாக இந்தக் கணக்கில் சேரும். மார்ச் 1இல் தொடங்கினால் ஆகஸ்ட் 27இல் 180 நாள் நிறைகிறது. கடிதத்தின் ஆறு மாதம் முடிவது ஆகஸ்ட் 31இல். ஆகவே தகுதிகாண் காலம் நீடிக்கப்பட்டிருந்தாலும், 180 நாள் நிறைந்துவிட்டதா என்பதையே முதலில் எண்ணிப் பாருங்கள். 'மேற்பார்வையாளர்' என்ற பட்டம் இருப்பதால் நீங்கள் தொழிலாளி அல்ல என்று சொல்வதை நம்ப வேண்டாம். எந்தப் பதவியில் கூலிக்கு வேலை செய்தாலும் இந்தச் சட்டத்தின் பார்வையில் தொழிலாளிதான்.

இரண்டாவது வரி: "வேலை நேரம் தொழிற்சாலையின் தேவைக்கேற்ப அமையும்."

பெக்டரியின் நிலைமை நமக்குத் தெரியும். பகலில் பறித்த கொழுந்து இரவெல்லாம் வாட்டில் கிடக்கும். அதிகாலையில் ரோலர் ஓடத் தொடங்கும். வரத்து அதிகமான நாளில் வேலை நீளும். அதனால் "தேவைக்கேற்ப" என்று மட்டும் எழுதியிருந்தால், எங்கே முடிகிறது என்பதற்கு எல்லையே இருக்காது. கடிதத்தில் எண்ணாக எழுதித் தரச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்குத் தொடக்கம், எத்தனை மணிக்கு முடிவு, சாப்பாட்டு நேரம் எவ்வளவு, வார லீவு எந்த நாள், மேலதிக நேரத்துக்கு எப்படிக் கணக்கு. நீங்களும் வந்த நேரம், போன நேரத்தை ஒரு கொப்பியில் அன்றன்று எழுதி வையுங்கள். பின்னால் மேலதிக நேரச் சம்பளம் கேட்டுப் போகும்போது அந்தக் கொப்பி கைகொடுக்கும்.

மூன்றாவது வரி: "இரு தரப்பினரும் ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்தோ, அதற்குப் பதிலாக ஒரு மாதச் சம்பளம் செலுத்தியோ சேவையை முடிவுறுத்தலாம்."

நிறையப் பேர் ஏமாறுவது இந்த வரியில்தான். நீங்கள் விலகுவதானால் இது அப்படியே பொருந்தும். ஒரு மாதத்துக்கு முன் எழுத்தில் கொடுங்கள். பிரதியில் திகதியும் கையெழுத்தும் வாங்குங்கள். ஆனால் முதலாளி பக்கத்துக்கு இந்த வரி போதாது. 180 நாள் நிறைந்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல், உதாரணமாக "ஆள் அதிகம்" என்று நிறுத்துவதானால், அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும். ஒரு மாதச் சம்பளத்தை மேசையில் வைத்துவிட்டு "நாளை வர வேண்டாம்" என்று சொன்னால் அந்த நீக்கம் செல்லாது.

ஒழுக்கக் குற்றத்துக்காக நீக்கினால் இந்த அனுமதி தேவையில்லை. ஆனால் நீக்கிய இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

இதையெல்லாம் தெரிந்தவர்கள் வேறொரு வழியில் வருவார்கள். "பெயர் கெடாமல் நீயே ராஜினாமா எழுதிக் கொடு" என்பார்கள். சில இடங்களில் வேலைக்குச் சேரும் அன்றே, திகதி போடாத தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். ராஜினாமாக் கடிதம் கையில் இருந்தால், நீங்களாகவே விலகியதாகச் சொல்லிவிடலாம். அனுமதி எடுக்க வேண்டிய கேள்வியே எழாது. ஆகவே வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வற்புறுத்தினால், யோசிக்க ஒரு நாள் வேண்டும் என்று சொல்லிவிட்டு அன்றைக்கே தோட்டத் தலைவரிடமோ சங்கக் காரியாலயத்திலோ வந்து சொல்லுங்கள்.

நியமனக் கடிதத்தின் மூலத்தை வீட்டில் வைத்து, போட்டோ பிரதி ஒன்றைத் தனியாக வையுங்கள். முதல் சம்பளச் சீட்டு வந்ததும் அதில் ஈ.பி.எஃப். இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பிள்ளையின் 180ஆவது நாள் எதுவென்று இன்றே கலண்டரில் குறித்து வையுங்கள்.