தீக்குச்சியும் சட்டைப் பொத்தானும்

மறுநாள் முதன்முதலாக உத்தியோக நேர்காணலுக்குச் செல்லவிருக்கும் மகனுக்காக, நள்ளிரவு வரை தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து வெள்ளைச் சட்டையைத் தைத்து முடித்த ஒரு தாயார், பொத்தான்களை மட்டும் கையாலேயே தைத்தார். மருந்தைக் கிள்ளிய தீக்குச்சியைப் பொத்தானின்மேல் குறுக்கே வைத்து, அதன்மீது நூலை ஓட்டினார். பின்பு குச்சியை உருவி, பொத்தானைத் தூக்கிப் பிடித்து, அடியில் தொய்ந்த இழைகளைச் சுற்றி நூலை நாலு சுற்றுச் சுற்றி முடிச்சிட்டார்.

"எதற்கம்மா இவ்வளவு சிரமம்?"

"இறுக்கித் தைத்தால் மேல்துணி நிற்க இடமிராது, கண்ணு. துணி சுருங்கும்; நூலும் சீக்கிரம் அறும்."

குச்சியின் கனந்தான் அந்த இடம். அந்தச் சிறு இடைவெளி இருந்தால் பொத்தான் நிலைக்கும். இன்று பொத்தான் தைக்க நேர்ந்தால், ஒரு தீக்குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள்.