நாடகத்துக்கு மார்க் போடும்போது

(நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பள்ளிகளில் ஆண்டு விழா நெருங்கும்போது, நம்மில் யாரையாவது நாடகப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிடுவார்கள். முன் வரிசையில் உட்கார வைத்து, ஒரு பேனாவும் ஒரு தாளும் கொடுப்பார்கள். தாளில் கதை வசனம், நடிப்பு, மேடை அமைப்பு, குழுப்பணி என்று நான்கு கட்டங்கள் இருக்கும். எதைப் பார்த்து எவ்வளவு போடுவது என்று அதில் எழுதியிருக்காது. கடைசியில் நன்றாக அழுத பிள்ளைக்கும் பளபளப்பான உடைக்கும் மார்க் போய்விடும். இரண்டு மாதம் ஒத்திகை பார்த்த பிள்ளைகளுக்கு ஏன் தோற்றோம் என்றே தெரியாது. இதைச் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது. மார்க் போடும் தாளை முதலிலேயே பிள்ளைகள் கையில் கொடுத்துவிட வேண்டும். நாடகம் முடிந்தபின், நிரப்பிய தாளையும் அவர்களுக்கே கொடுக்க வேண்டும்.

ஒரு உதாரணம் வைத்துப் பார்ப்போம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேர், 20 நிமிடம், மனுநீதிச் சோழன் நாடகம். கதை உங்களுக்குத் தெரியும். இளவரசனின் தேரில் கன்று அடிபடுகிறது, பசு ஆராய்ச்சி மணியை அடிக்கிறது, அரசன் தன் மகனுக்கே தண்டனை கொடுக்கிறான். மொத்தம் 100 மார்க். கதை வசனம் 25, நடிப்பு 30, மேடை அமைப்பு 20, குழுப்பணி 25 என்று பிரித்துக்கொள்வோம்.

கதை வசனத்தில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். கதையைச் சொல்கிறார்களா, நடத்திக் காட்டுகிறார்களா? இந்த நாடகத்தில் முதல் ஐந்து நிமிடம் கட்டியங்காரன் நின்று கதை முழுவதையும் சொல்லிவிடுகிறான். கால்வாசி நேரம் அதிலேயே போயிற்று. ஆனால் அரசனும் அமைச்சரும் வாதாடும் இடத்தில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அது நல்ல எழுத்து. 25க்கு 17. வசனம் ஆசிரியர் எழுதியதா, பிள்ளைகள் எழுதியதா என்று முன்கூட்டியே கேட்டு, எல்லாக் குழுவுக்கும் ஒரே விதியை வையுங்கள்.

நடிப்பில் மூன்றைப் பாருங்கள். கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? பாத்திரம் இடையில் கலைகிறதா? அடுத்தவர் பேசும்போது இந்தப் பிள்ளை என்ன செய்கிறது? மூன்றாவதைத்தான் நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. இளவரசன் உரக்க அழுதபோது கைதட்டல் கிடைத்தது. ஆனால் தீர்ப்பைக் கேட்டுக்கொண்டே மெல்லத் தலை தாழ்த்திய அமைச்சர்தான் அந்தக் காட்சியைத் தாங்கினார். அரசன் மூன்றாம் காட்சியில் பின்பக்கம் திரும்பிப் பேசியதால் பாதி வசனம் கேட்கவில்லை. 30க்கு 22.

மேடை அமைப்புக்குச் செலவைப் பார்த்து மார்க் போடக் கூடாது. இந்தக் குழுவில் இரண்டு பிள்ளைகள் அட்டையில் வெட்டிய சக்கரத்தை உருட்டிக்கொண்டு ஓடினார்கள், தேர் வந்துவிட்டது. ஒரு வெள்ளைத் துண்டு தரையில் விழுந்தது, கன்று இறந்தது எல்லோருக்கும் புரிந்தது. காட்சிக்கு உதவுகிறதா என்பதுதான் கேள்வி, இரண்டுமே உதவின. ஆனால் இரண்டாம் காட்சிக்கும் மூன்றாம் காட்சிக்கும் நடுவே 40 விநாடி இருட்டு. அதற்கு மூன்று மார்க் குறைத்தோம்.

இனி குழுப்பணி. முன் வரிசையில் உட்கார்ந்து இதை எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். மூன்று இடத்தில் தெரியும்: பாத்திரங்கள் மேடைக்கு வரும் நேரம், காட்சி மாறும் விதம், ஏதாவது தவறிப்போனால் மற்றவர்கள் செய்வது. நம் நாடகத்தில் பசு கயிற்றை இழுத்தது, மணிச்சத்தம் வரவில்லை. திரைக்குப் பின்னால் மணி அடிக்க வேண்டிய பிள்ளை நேரத்தைத் தவறவிட்டது. உடனே வாயிற்காவலன், “அரசே, பசு ஒன்று மணிக் கயிற்றை இழுத்தபடி நிற்கிறது” என்று ஒரு வரியைத் தானே சேர்த்தான். அரசனும் தடுமாறாமல் எழுந்து வந்தான்.

இங்கேதான் நடுவர்கள் வழக்கமாகச் சிக்குவார்கள். மணி அடிக்காததற்கு மேடை அமைப்பில் ஒரு முறை, குழுப்பணியில் ஒரு முறை, நடிப்பு தடைப்பட்டது என்று இன்னொரு முறை கழித்துவிடுவார்கள். ஒரு தவறுக்கு ஒரே இடத்தில்தான் கழிக்க வேண்டும். ஆகவே மேடை அமைப்பில் மேலும் இரண்டு மார்க் குறைகிறது, 20க்கு 15. சமாளித்ததற்காகக் குழுப்பணியில் 25க்கு 21. ஆக மொத்தம் 75.

கழித்த ஒவ்வொரு மார்க்குக்கும் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். வங்கியில் விவரம் எழுதாமல் யார் கணக்கிலும் பற்று வைக்க முடியாது. இதுவும் அப்படித்தான். அந்த வரி நீங்கள் கண்டதைச் சொல்ல வேண்டும். ‘அரசன் சரியில்லை’ என்றால் பிள்ளைக்குப் பயனில்லை. ‘மூன்றாம் காட்சியில் திரும்பி நின்றதால் கேட்கவில்லை’ என்றால் அடுத்த முறை திருத்திக்கொள்ளும். பிள்ளையின் பெயரை எழுத வேண்டாம், பாத்திரத்தின் பெயர் போதும்.

கூட்டலிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மூன்று நடுவர்கள், இரண்டு நாடகங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நடுவர் ‘அ’வுக்கு 88, ‘ஆ’வுக்கு 62 போடுகிறார். இரண்டாமவர் 72, 76. மூன்றாமவர் 71, 75. கூட்டினால் ‘அ’ 231, ‘ஆ’ 213. மூவரில் இருவருக்கு ‘ஆ’தான் சிறந்தது, ஆனால் பரிசு ‘அ’வுக்குப் போகிறது. தாராளமாக ஏற்றி இறக்கிப் போடுபவர் ஒருவரே முடிவைத் தீர்மானித்துவிடுகிறார். ஆகவே ஒவ்வொரு நடுவரின் மார்க்கையும் முதலிடம், இரண்டாமிடம் என்று மாற்றி, அந்த இடங்களைக் கூட்டுங்கள். ‘அ’வுக்கு 1, 2, 2 சேர்த்து 5. ‘ஆ’வுக்கு 2, 1, 1 சேர்த்து 4. குறைந்த எண் வந்த ‘ஆ’வுக்கே பரிசு. இந்த முறையில், ஒரு நாடகம் மற்றதைவிட எவ்வளவு முந்தியது என்பது கணக்கில் வராது. அதனால் இதைப் பரிசுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு மார்க்கையே கொடுங்கள். எந்த முறை என்பதைப் போட்டிக்கு முன்பே அறிவித்துவிட வேண்டும்.

தாளை எப்போது கொடுப்பது? வெற்றுத் தாளை ஒத்திகை தொடங்கும் நாளிலேயே. இதில் ஓர் ஆபத்தும் உண்டு. தாளில் ‘எல்லோருக்கும் வசனம் இருக்க வேண்டும்’ என்று எழுதினால், ஒன்பது பேருக்கும் தேவையில்லாமல் ஆளுக்கொரு வரி முளைத்துவிடும். எண்ணக்கூடியதை எழுதாமல், பார்ப்பவருக்கு என்ன எட்ட வேண்டும் என்பதை எழுதுங்கள்.

நாடகம் முடிந்ததும் பிள்ளைகளையே தங்கள் நாடகத்துக்கு அதே தாளில் மார்க் போடச் சொல்லுங்கள். அதன்பிறகு நடுவர் தாளைக் கொடுங்கள். மேடை அமைப்புக்கு அவர்கள் 19 போட்டிருக்கக் கூடும், நாம் 15. அந்த 40 விநாடியில் அவர்கள் திரைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள், இருட்டு அவர்களுக்குத் தெரிந்திருக்காது. இப்படி இடைவெளி பெரிதாக உள்ள கட்டத்தைப் பற்றி மட்டும் பத்து நிமிடம் பேசினால் போதும். மணியைத் தவறவிட்ட பிள்ளைக்கும் அன்றைக்கு ஒரு விஷயம் தெரியவரும்: போனது இரண்டு மார்க், அதையும் வாயிற்காவலனும் அரசனும் சேர்ந்து ஈடுகட்டிவிட்டார்கள்.

அடுத்த முறை உங்களை நடுவராக அழைத்தால், ஒப்புக்கொள்வதற்கு முன் ஒன்று கேளுங்கள்: “தாள் பிள்ளைகளிடம் போய்விட்டதா?” இல்லை என்றால், முதலில் அதைக் கொடுக்கச் சொல்லுங்கள்.