மொட்டைமாடித் தொட்டியின் சுவர் ஏன் இரட்டைக் கம்பி கேட்கிறது?

(மாத்தூரில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டமொன்றில் கட்டுமானப் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரை)



மாத்தூர் எம்.எம்.டி.ஏ. பகுதியில் எந்தத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் மொட்டைமாடிகளில் தண்ணீர்த் தொட்டிகள் தெரியும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிகள் இப்போது பெருகிவிட்டன. ஆனாலும் பழைய வீடுகளிலும் பல பள்ளிகளிலும் இன்னும் கான்கிரீட் தொட்டிகளே இருக்கின்றன. அந்தத் தொட்டியின் நான்கு சுவர்களைப் பற்றி மட்டும் இன்று பேசப்போகிறேன். தளத்துக்கும் தூணுக்கும் கம்பி கட்டத் தெரிந்தவர்கள்கூடத் தொட்டிச் சுவரில் தவறிவிடுகிறார்கள். வீட்டுச் சுவர் செய்யும் வேலையும் தொட்டிச் சுவர் செய்யும் வேலையும் வேறு வேறு என்பதுதான் காரணம்.

வீட்டுச் சுவர் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கிக் கீழே இறக்குகிறது. அதில் வருவது அமுக்கம். தொட்டிச் சுவரைத் தண்ணீர் பக்கவாட்டில், உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. அப்படித் தள்ளும்போது சுவர் வளைகிறது. வளைந்த சுவரின் ஒரு முகம் சுருங்கும், மறுமுகம் இழுபடும். கான்கிரீட் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுவையைத் தாங்கும் அதன் வலிமை அமுக்க வலிமையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அந்தக் குறையை ஈடுகட்டவே கம்பி போடுகிறோம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்காகவே பார்த்துவிடலாம். மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் நீர் ஆழம் கொண்ட ஒரு பள்ளித் தொட்டி. கொள்ளளவு 9,000 லிட்டர். திரவ அழுத்தம் ஆழத்தோடு கூடும் என்று நீங்கள் வகுப்பில் நடத்துகிறீர்கள். இந்தத் தொட்டியில் நீர்மட்டத்தில் அழுத்தம் சுழி. அடியில் ஒரு சதுர மீட்டருக்கு 1,500 கிலோ எடைக்குச் சமம். சராசரியாக 750 கிலோ என்று கொண்டால், ஒன்றரை மீட்டர் உயரச் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் தண்ணீர் 1,125 கிலோ எடைக்கு இணையாகத் தள்ளுகிறது. மூன்று மீட்டர் சுவர் முழுவதற்கும் சேர்த்தால் 3,375 கிலோ. தொட்டி நிறைந்திருக்கும் ஒவ்வொரு நாளும் அந்தச் சுவர் இதைத் தாங்கி நிற்கிறது.

இந்தத் தள்ளுவிசை சுவரின் நடுவில் செயல்படுவதில்லை. அடியில் அழுத்தம் அதிகம் என்பதால், அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், அதாவது அரை மீட்டரில் செயல்படுகிறது. விசையையும் தூரத்தையும் பெருக்கினால் சுவரின் அடியில் வரும் வளைவுத் திருப்புத்திறன் கிடைக்கும்: 1,125 பெருக்கல் 0.5, ஏறத்தாழ 562 கிலோ-மீட்டர். இங்கே மாணவர்களைச் சிந்திக்க வைக்க ஒரு கேள்வி இருக்கிறது. நீரின் ஆழத்தை இரட்டித்தால் என்ன ஆகும்? விசை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்காகும். விசை செயல்படும் உயரமும் இரட்டிப்பதால் வளைவு எட்டு மடங்காகும். ‘இன்னும் இரண்டு அடி உயர்த்திக் கட்டிவிடுங்கள்’ என்று கொத்தனாரிடம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த இரண்டடி சுவரிடம் எவ்வளவு கேட்கிறது என்பதை இந்தக் கணக்கு காட்டும்.

இனி கம்பிக்கு வருவோம். சுவர் ஆறு அங்குலம், அதாவது 150 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் கட்டடத்துக்குரிய முறையில் கணக்குப் போட்டால், இந்த வளைவுக்கு ஒரு மீட்டருக்கு நான்கு பத்து மில்லிமீட்டர் கம்பிகள் போதும். சுவர் விழாது. ஆனால் கம்பி இழுபடும்போது அதைச் சுற்றியுள்ள கான்கிரீட்டில் மயிரிழை விரிசல்கள் விழும். அறைச் சுவரிலோ உத்திரத்திலோ அவற்றால் தொல்லை இல்லை. தொட்டியில் அந்த விரிசல் வழியே தண்ணீர் புகுந்து கம்பியைத் தொடும். ஆகவே தண்ணீர்த் தொட்டிகளுக்கென்றே இருக்கும் ஐ.எஸ். 3370 என்ற இந்தியத் தரநிலை, கம்பியை அதன் முழு வலிமைக்கு இழுக்கவிடுவதில்லை. வழக்கமாக ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 230 நியூட்டன் வரை அனுமதிக்கப்படும் முறுக்குக் கம்பிக்கு, இங்கே 130 நியூட்டன்தான். அதனால் நான்கு கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஏழு வருகிறது. 150 மில்லிமீட்டருக்கு ஒன்று. தொட்டிச் சுவருக்குத் தனி வலுவூட்டல் வேண்டும் என்பதன் பொருள் இதுதான். சுவர் உடையாமல் இருப்பது ஒரு கணக்கு, விரிசல் விரியாமல் இருப்பது இன்னொரு கணக்கு. தொட்டியில் இரண்டாவது கணக்கே முந்திக்கொள்ளும்.

கம்பியை எந்த முகத்தில் வைப்பது? சுவர் அடித்தளத்தோடு சேருமிடத்தில் தண்ணீர்ப் பக்கம் இழுபடுகிறது. எனவே நிமிர்ந்த கம்பி அங்கே உள்முகத்தில் இருக்க வேண்டும். சுவரின் நடுப்பகுதி வெளியே புடைப்பதால் அங்கே வெளிமுகம் இழுபடும். மூலைக்கு வந்தால் மறுபடி உள்முகம் இழுபடும். இது போதாதென்று, நீளச் சுவர்கள் இரண்டும் எதிரெதிராக வெளியே தள்ளப்படும்போது, இடையிலிருக்கும் குறுக்குச் சுவர்கள் கயிறுபோல இழுக்கப்படுகின்றன. ஆகவே சுவர் நடுவில் ஒற்றை வலையாகக் கம்பி கட்டுவது பயன் தராது. உள்முகத்தில் ஒரு வலை, வெளிமுகத்தில் ஒரு வலை என இரண்டு வேண்டும்.

அதிகத் தவறு நடக்கும் இடம் மூலை. உள்முகத்துக் கம்பியை மூலையின் உள்வளைவோடு அப்படியே மடக்கிவிடுவது எளிது. பார்க்கவும் ஒழுங்காக இருக்கும். ஆனால் சுவர்கள் விலகும்போது அந்தக் கம்பி நேராக நிமிரப் பார்க்கும். நிமிரும்போது உள்மூலைக் கான்கிரீட்டைப் பெயர்த்துவிடும். சரியான முறையில், உள்முகக் கம்பி மூலையைக் கடந்து நேராகச் சென்று, அடுத்த சுவரின் வெளிமுகத்தில் மடங்கிப் பிடிக்க வேண்டும். கான்கிரீட் போட்ட பிறகு இதை யாராலும் பார்க்க முடியாது. அதனால் சென்ட்ரிங் பலகை அடைப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

கட்டும் முறையையும் வரிசையாகச் சொல்கிறேன். மேலே சொன்ன தொட்டியின் கான்கிரீட் மட்டும் பத்து டன்னுக்கு மேல் வரும். தண்ணீரோடு சேர்த்தால் ஏறத்தாழ இருபது டன். ஆகவே அது மொட்டைமாடித் தளத்தின் நடுவில் உட்காரக் கூடாது. தூண்களை மாடிக்கு மேல் உயர்த்தி, உத்திரம் போட்டு, அதன்மேல் தொட்டியின் அடித்தளத்தை அமைக்கிறோம். அடித்தளம் போடும்போதே சுவரின் முதல் நான்கு அங்குலத்தையும் சேர்த்துப் போட்டுவிடுவது நல்லது. அப்போது பழைய கான்கிரீட்டும் புதியதும் சேரும் இணைப்பு, மூலைமடிப்பிலிருந்து சற்று மேலே போய்விடும். அந்த இணைப்பில் நீர்த்தடுப்புப் பட்டை வைத்து, பரப்பைச் சொரசொரப்பாக்கிக் கழுவிய பின் சுவரை எழுப்ப வேண்டும். கான்கிரீட் எம்30 தரத்துக்குக் குறையக் கூடாது. சிமெண்ட் எடையில் பாதிக்கும் குறைவாகவே, அதாவது 0.45 பங்குக்கு மேற்படாமல் தண்ணீர் சேர்க்க வேண்டும். வேலை எளிதாகட்டும் என்று இன்னொரு வாளி ஊற்றினால், அந்தக் கூடுதல் நீர் பின்னர் ஆவியாகி, நுண்துளைகளை விட்டுச்செல்லும்.

மாத்தூருக்கு இதில் ஒரு தனிக் கவலை உண்டு. கிழக்கே கடலும் வடகிழக்கே எண்ணூர்க் கழிமுகமும் இருக்கின்றன. காற்றில் உப்பு வருகிறது. மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்திருப்பது பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்டுவரும் செய்தி. கம்பிக் கான்கிரீட் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. உவர்ப்பான ஆழ்குழாய் நீரால் கலந்தால் துருவைக் கம்பிக்கு அருகிலேயே நாம் புதைத்துவிடுகிறோம். இரும்பு துருவானால் அதன் கன அளவு இரண்டு மடங்குக்கும் மேல் பெருகும். உள்ளேயிருந்து அது கான்கிரீட்டைப் பிளக்கும். அதனால்தான் கடலோரத்தில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடல் கேட்கிறார்கள். கவர் பிளாக் என்று சொல்லும் சிறு கட்டைகளை வைக்காமல் கம்பியைப் பலகையோடு ஒட்டவிட்டால், இத்தனை கணக்கும் வீண்.

கட்டி முடித்து, நன்றாக நீராற்றிய பிறகு சோதனை. தொட்டியை நிரப்பி, கான்கிரீட் உறிஞ்சுவதற்கு ஏழு நாள் விடவேண்டும். அடுத்த ஏழு நாளும் வெளிச்சுவர் உலர்ந்தே இருந்தால் தொட்டி தேறியது. ஈரத்தடம் தெரிந்தால் வெளியே பூசி மறைப்பது தீர்வல்ல. தண்ணீர் இருக்கும் உள்முகத்தில்தான் சரிசெய்ய வேண்டும்.

பழைய தொட்டியை எப்படி அறிவது? வெளிச்சுவரில் வெள்ளைப் படிவு இறங்கியிருந்தால் விரிசல் வழியே நீர் சுண்ணாம்பைக் கரைத்து வருகிறது என்று பொருள். பழுப்புக் கறை என்றால் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது. கம்பி ஓடும் திசையிலேயே நேர்க்கோடாக விரிசல் இருந்தாலும், தட்டினால் பொள்ளென்று ஒலித்தாலும், துரு கான்கிரீட்டை உள்ளிருந்து பிரித்துவிட்டது. தொட்டியின் மூடித் தளத்தின் அடிப்பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். எப்போதும் மூழ்கியிருக்கும் பகுதிக்கு ஆக்சிஜன் குறைவு. நீர்மட்டத்துக்கு மேலே ஈரமும் காற்றும் சேர்ந்தே இருப்பதால், துரு பெரும்பாலும் அங்கேதான் முதலில் தொடங்கும்.

2024 அக்டோபர் 24 அன்று புனே அருகே போசரியில், தொழிலாளர் குடியிருப்பில் இருந்த ஒரு தண்ணீர்த் தொட்டி இடிந்து ஐந்து பேர் இறந்தார்கள். அது மாடித் தொட்டியன்று, அவசரத்துக்குக் கட்டியது. நீரழுத்தத்தில் சுவர் உடைந்தது என்றே முதலில் சொல்லப்பட்டது. தொட்டியடியில் குழாய் இருப்பதால் ஆட்கள் கூடுமிடமும் அதுவாகிவிடுகிறது. நம் பள்ளிகளில் பிள்ளைகள் கை கழுவும் இடம் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

உங்கள் பள்ளித் தொட்டியில் நான் சொன்ன அடையாளங்களில் ஒன்று தெரிந்தால், பொறியாளர் வரும்வரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. தொட்டியைக் காலிசெய்துவிடுவது மிக நல்லது. முடியாவிட்டால் மிதவை வால்வைத் தாழ்த்தி, பாதி மட்டத்துக்கு மேல் நீர் ஏறாமல் நிறுத்துங்கள். தள்ளுவிசை கால் பங்காகவும், சுவரடி வளைவு எட்டில் ஒன்றாகவும் குறையும். இது பழுதுபார்த்தல் அல்ல. சில நாள் அவகாசம் மட்டுமே. துருவேறிய கம்பி தானாகச் சரியாவதில்லை. அந்த நாட்களில் தொட்டியின் கீழே பிள்ளைகள் நிற்காதபடி கயிறு கட்டிவிடுங்கள். தலைமையாசிரியர் வழியாக எழுத்தில் தெரிவியுங்கள். கடிதத்தில் ‘தொட்டி பழுது’ என்று மட்டும் எழுதாமல், எந்தச் சுவர், விரிசல் எந்தத் திசை, கறை என்ன நிறம் என்று குறிப்பிட்டால், வருகிற பொறியாளர் அதன் அவசரத்தைப் படித்த உடனே புரிந்துகொள்வார்.