மெஸ் பில்லை எப்படிப் பிரிக்கிறோம்?

(விடுதிப் பெற்றோர் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)

 

சென்ற வாரம் ஒரு தாயார் மெஸ் பில்லுடன் அலுவலகம் வந்தார். "என் மகன் பத்து நாள் வீட்டில் இருந்தான். முழு மாத பில் 3,450 ரூபாய் என்றால், இருபது நாளுக்கு 2,300தானே வர வேண்டும்? 2,600 போட்டிருக்கிறீர்களே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த 300 ரூபாய் எதற்கு என்பதை எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அந்த 30 நாள் மாதத்தின் கணக்கை, புரிவதற்காக முழு எண்களாகச் சொல்கிறேன். விடுதியில் 60 மாணவர்கள். சமையற்காரர், உதவியாளர்கள் சம்பளம், சமையலறை மின்கட்டணம், பாத்திரப் பராமரிப்பு எல்லாம் சேர்த்து 54,000 ரூபாய். ஒரு பையன் ஊருக்குப் போனாலும் போகாவிட்டாலும் இது குறையாது. எனவே மாதம் முதல் தேதி பதிவில் உள்ள 60 பேருக்கும் சமமாகப் பிரிக்கிறோம். தலைக்கு 900 ரூபாய். இது நிலைச் செலவு.

அரிசி, பருப்பு, காய்கறி, இறைச்சி, பால், கேஸ் ஆகியவை சாப்பிடுகிறவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தவை. மாதத் தொடக்கத்தில் ஸ்டோரில் 30,000 ரூபாய்ச் சரக்கு இருந்தது. மாதத்தில் வாங்கியது 1,34,000. கடைசி நாள் இரவு எடை போட்டுப் பார்த்தபோது மிச்சம் 28,000 ரூபாய்ச் சரக்கு. ஆக, உண்மையில் செலவானது 1,36,000.

அடுத்து, வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு மாணவரும் சாப்பிட்ட நாள்களைக் கூட்டுகிறோம். மொத்தம் 1,600 நாள் வந்தது. 1,36,000ஐ 1,600ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 85 ரூபாய். 30 நாளும் இருந்தவருக்கு 2,550. அதோடு 900 சேர்த்து 3,450. இருபது நாள் இருந்தவருக்கு 1,700. அதோடு 900 சேர்த்து 2,600. அந்தத் தாயார் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலான 300 ரூபாய், நிலைச் செலவில் அந்தப் பத்து நாளுக்கு உரிய மூன்றில் ஒரு பங்கு.

'எல்லாவற்றையும் கூட்டி, சாப்பிட்ட நாளால் வகுத்தால் என்ன?' என்று சிலர் கேட்கிறார்கள். தேர்வு விடுமுறை மாதத்தை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலோர் ஊருக்குப் போய்விட, சாப்பிட்ட நாள் 600ஆகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். நிலைச் செலவு அதே 54,000தான். நாளுக்கு 90 ரூபாய் ஏறும். 85 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு 175 ரூபாய்! அந்த மாதம் விடுதியிலேயே தங்குகிறவர் யார்? ஊருக்குப் போக வசதியில்லாத பிள்ளை, போவதற்கு வீடே இல்லாத பிள்ளை. சுமை முழுவதும் அவர்கள் தலையில் விழும். அதனால்தான் இரண்டையும் கலப்பதில்லை.

மிச்சச் சரக்கை ஏன் எடை போட வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த 28,000ஐக் கழிக்காமல் விட்டிருந்தால், நாள் கட்டணம் 102 ரூபாய் 50 காசு ஆகியிருக்கும். முழு மாதம் இருந்த மாணவர் 525 ரூபாய் அதிகம் கட்டியிருப்பார். அடுத்த மாதம் அதே அரிசியை மற்றவர்கள் இலவசமாகச் சாப்பிடுவார்கள். நடுவில் படிப்பை முடித்து வெளியேறிய மாணவரின் பணம் திரும்பவே திரும்பாது. அது நம்மிடம் உள்ள அமானத். ஆகவே கண் மதிப்பாக எழுதக் கூடாது. தராசில் வைத்தே எழுத வேண்டும்.

கணக்கு சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அந்த மாதம் செலவான அரிசி 640 கிலோ. 1,600 நாளுக்கு வகுத்தால் தலைக்கு 400 கிராம். அடுத்த மாதம் இது 480 கிராம் ஆனால், பிள்ளைகளுக்குத் திடீரென்று பசி கூடிவிட்டது என்று பொருளல்ல. வருகை குறைத்து எழுதப்பட்டிருக்கலாம், விருந்தினர் சாப்பிட்டது பதிவாகாமல் இருக்கலாம், அரிசி வீணாகியோ வெளியே போயோ இருக்கலாம். விலை ஏறினால் ரூபாய் மாறும்; கிராம் மாறாது.

கடைசியாக, விடுப்பு. மறுநாள் இட்லிக்கு முதல் நாள் மாலையே மாவு ஆட்டியாகிவிடுகிறது. ஆகவே முந்திய நாள் மதியத்துக்குள் விடுப்பு நோட்டில் எழுதிய நாள்களை மட்டுமே கழிக்கிறோம். சொல்லாமல் போனால் அந்த நாளும் கணக்கில் வரும். பிள்ளை ஊருக்குப் புறப்படுவதற்கு முன், 'நோட்டில் எழுதினாயா?' என்று போனில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இந்த மாதம் முதல் பில்லின் பின்புறம் நிலைச் செலவு, சரக்குச் செலவு, சாப்பிட்ட மொத்த நாள், உங்கள் பிள்ளையின் நாள் ஆகிய நான்கு எண்களும் இருக்கும், இன்ஷா அல்லாஹ். வீட்டில் நீங்களே வகுத்துப் பாருங்கள். ஒரு ரூபாய் இடித்தாலும் வந்து கேளுங்கள். வஸ்ஸலாம்.