லாக்கர் வாடகையும் பாஸ்புக்கில் மூன்று வரிகளும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கமில்லை. போன கூட்டத்துல பேச்சோட பேச்சா எங்க லாக்கர் வாடகை விஷயத்தைச் சொன்னேன். "இதை விழாவுல சொல்லு, நம்மள்ல நாலு பேருக்கு உதவும்"னு தலைவி அக்கா சொன்னாங்க. அதனால வந்து நிக்கிறேன்.

எங்க ஊர் பு.முட்லூர் பக்கம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடிச்சது உங்க யாருக்கும் மறந்திருக்காது. எங்க வீட்டு ஓடெல்லாம் பறந்துபோச்சு. மாமியார் தன் நகையை ஒரு துணிப்பையில சுத்தி இடுப்புல கட்டிக்கிட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தாங்க. அடுத்த வருஷமே சிதம்பரத்துல ஒரு வங்கியில சின்ன லாக்கர் ஒண்ணு எடுத்தோம். அவங்க பேரும் என் பேரும் சேர்த்துப் போட்டது. வாடகையை என் சேமிப்புக் கணக்குலயிருந்து வருஷா வருஷம் ஏப்ரல் மாசம் வங்கியே எடுத்துக்கும். எவ்வளவு எடுக்குறாங்கன்னு நான் பார்த்ததே இல்லை. குழுக் கணக்குல பத்து ரூபாய் குறைஞ்சா மூணு தடவை கூட்டிப் பார்க்கிறவ, சொந்தக் கணக்கை அப்படியே விட்டிருந்தேன்.

2024 ஏப்ரல்ல பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்ட எடுக்கப் போனப்போ இருப்பு குறைவா இருந்தது. பாஸ்புக்கைப் பதிஞ்சு பார்த்தேன். பற்றுப் பக்கத்துல மூணு வரி அடுத்தடுத்து இருந்தது. முதல் வரி LOCKER RENT 3,000. ரெண்டாவது CGST 270. மூணாவது SGST 270. மொத்தம் 3,540 ரூபாய்.

வாடகைக்கு மேல நூத்துக்குப் பதினெட்டு ரூபாய் ஜிஎஸ்டி உண்டு. அதை மத்திய அரசுக்குப் பாதி, மாநில அரசுக்குப் பாதின்னு பிரிச்சுப் போடுவாங்க. அதனாலதான் ஒரே வாடகை மூணு வரியா வருது. சில வங்கியில எல்லாத்தையும் சேர்த்து ஒரே வரியா போடுவாங்க. அப்போ வாடகை எவ்வளவு, வரி எவ்வளவுன்னு நாமதான் பிரிச்சுப் பார்க்கணும்.

வீட்டுக்காரர்கிட்ட காட்டினேன். "போன வருஷம் எடுக்காம விட்டிருப்பாங்க, ரெண்டு வருஷத்துக்கும் சேர்த்து எடுத்திருக்காங்க"ன்னார். கணக்குப் போட்டா அது அப்படியே பொருந்துது. எங்க லாக்கருக்கு வாடகை 1,500. வரி 270. மொத்தம் 1,770. அதை ரெண்டால பெருக்கினா 3,540. நானும் சரின்னு இருந்துட்டேன். ராத்திரி படுத்தப்புறம்தான், போன வருஷம் எடுத்தாங்களா இல்லையான்னு பார்க்கவே இல்லையேன்னு தோணிச்சு. எழுந்து பழைய பக்கத்தைப் புரட்டினேன். 2023 ஏப்ரல்ல 1,500, 135, 135-னு மூணு வரியும் இருக்கு. பாக்கியே கிடையாது. தொகை பொருந்துதுன்னு காரணத்தையும் நாமே கற்பனை பண்ணிக்கக் கூடாதுன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

அப்புறம் பெட்டியிலயிருந்து லாக்கர் ஒப்பந்தத்தை எடுத்தேன். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 18-ஆம் தேதி லாக்கருக்குப் புது விதி போட்டாங்க. பழைய லாக்கர்காரங்களும் புது ஒப்பந்தம் எழுதணும்னு சொல்லி, அதுக்கு 2023 டிசம்பர் 31 வரைக்கும் கெடு கொடுத்தாங்க. நாங்களும் 2023-ல கையெழுத்துப் போட்டோம். கையெழுத்தான ஒரு பிரதியை வங்கி நமக்குக் கொடுத்தாகணும்ங்கிறதும் விதிதான். உங்ககிட்ட பிரதி இல்லைன்னா போய்க் கேட்டு வாங்குங்க. அது இல்லாம எதையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

ஒப்பந்தம் பல பக்கம் இருக்கும். பயந்துபோய் மூடி வைக்காதீங்க. வாடகையைச் சரிபார்க்க நாலு இடத்தைப் பார்த்தாப் போதும். லாக்கர் எண்ணும் அளவும் எழுதியிருக்கிற இடம், வருஷ வாடகையும் அதைக் கட்ட வேண்டிய தேதியும் இருக்கிற இடம், தாமதமானா எவ்வளவு அபராதம், எத்தனை தடவைக்கு மேல திறந்தா எவ்வளவு கட்டணம்னு சொல்ற இடம், வாடகையை உயர்த்தினா எப்படித் தெரிவிப்பாங்கன்னு சொல்ற இடம். எங்க ஒப்பந்தத்துல அளவு 'சிறியது', வாடகை 1,500-னு தெளிவா இருந்தது.

ரெண்டையும் எடுத்துக்கிட்டு பஸ் ஏறி சிதம்பரம் போனேன். கவுண்டர்ல இருந்தவர், "வாடகை ஏறியிருக்கும்மா"ன்னார். ஏறவும் செய்யலாம், அதை நான் மறுக்கல. "அப்படின்னா இப்போதைய கட்டணப் பட்டியலைக் காட்டுங்க சார்"னு கேட்டேன். எடுத்துக் காட்டினார். சின்ன லாக்கருக்கு அதே 1,500-தான் இருந்தது. நடுத்தர லாக்கருக்குத்தான் 3,000. புது ஒப்பந்தத்தைக் கம்ப்யூட்டர்ல ஏத்தினப்போ எங்க லாக்கரை நடுத்தரம்னு பதிஞ்சிட்டாங்க. தப்பு அவ்வளவுதான். ஆனா கேட்காம விட்டிருந்தா வருஷா வருஷம் 1,770 ரூபாய் கூடுதலாப் போயிக்கிட்டே இருந்திருக்கும்.

வாயால சொன்னதோட நிறுத்தல. லாக்கர் எண், ஒப்பந்தத்துல உள்ள அளவு, எடுத்த தொகை, எடுத்திருக்க வேண்டிய தொகை, திரும்பி வர வேண்டிய தொகை இத்தனையும் அரைப் பக்கத்துல எழுதினேன். பாஸ்புக் பக்கத்தையும் ஒப்பந்தப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து இணைச்சேன். என் கையில இருந்த நகல்ல சீலும் தேதியும் வாங்கிக்கிட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு 1,500 ரூபாய் வரவாச்சு. வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் 270 இடிச்சது. கூடுதல் வாடகை திரும்பி வந்தா, அதுக்குப் பிடிச்ச வரியும் வரணுமில்லையா? திரும்பப் போய்க் கேட்டப்புறம்தான் அதுவும் வந்தது. கூடவே, லாக்கர் அளவைக் கம்ப்யூட்டர்ல மாத்தியாச்சான்னும் கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன். அதை மாத்தலைன்னா அடுத்த ஏப்ரல்லயும் இதே கதைதான்.

இப்படி எழுதிக் கொடுத்து 30 நாள்ல பதில் வரலைன்னாலோ, வந்த பதில் சரியில்லைன்னாலோ, ரிசர்வ் வங்கியோட குறைதீர்ப்பாளர்கிட்ட இலவசமா முறையிடலாம். cms.rbi.org.in-ல பதியலாம், 14448-ல விவரம் கேட்கலாம். எனக்கு அதுவரைக்கும் போக வேண்டியிருக்கல.

இன்னொண்ணையும் மறைக்காம சொல்லணும். அதே பக்கத்துல மார்ச் மாசம் 236 ரூபாய் தனியா எடுத்திருந்தாங்க. இதுவும் தப்பாத்தான் இருக்கும்னு கோபமாப் போனேன். எங்க ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 12 தடவை இலவசமாத் திறக்கலாம். அதுக்கு மேல ஒவ்வொரு தடவைக்கும் 100 ரூபாய், வரியோட 118. நான் எண்ணிப் பார்த்தேன். நாத்தனார் மக காதுகுத்து, ரெண்டு கல்யாணம், நாத்து நடவுக்கு நகைக்கடன் வைக்க எடுத்தது, மீட்டு வந்து திரும்ப வச்சது... திறந்த அன்னைக்கெல்லாம் போனுக்கு வந்த மெசேஜையும் பார்த்தேன். மொத்தம் 14 தடவை. 118-ஐ ரெண்டால பெருக்கினா 236. வங்கி எடுத்தது சரிதான். அன்னையிலயிருந்து ஒவ்வொரு தடவை திறந்ததும் குழு நோட்டோட கடைசிப் பக்கத்துல தேதியைக் குறிச்சு வைக்கிறேன்.

மே கடைசியில 436 ரூபாய், 20 ரூபாய்னு எடுத்திருந்தா அதை லாக்கரோட சேர்க்காதீங்க. அது பிரதமர் பேர்ல உள்ள ஆயுள் காப்பீடும் விபத்துக் காப்பீடும். ஏடிஎம் கார்டுக்கும் வருஷக் கட்டணம் தனி வரியா வரும். எது எதுக்கு எடுத்ததுன்னு பாஸ்புக்ல பென்சிலால எழுதி வச்சா அடுத்த வருஷம் குழப்பம் வராது.

வாடகை எடுத்த வரியை ஏன் இவ்வளவு பத்திரமா வச்சுக்கணும்னு கேட்டா, கொல்கத்தாவுல நடந்த ஒரு வழக்கைச் சொல்றேன். யுனைடெட் பேங்க் ஆஃப் இந்தியாவுல ஒருத்தர் லாக்கர் வச்சிருந்தார். வாடகை பாக்கின்னு 1994-ல வங்கி லாக்கரை உடைச்சிடுச்சு. அவருக்கு நோட்டீஸ் எதுவும் தரல. ஆனா உடைக்கிறதுக்கு முன்னாலயே அவர் வாடகையைக் கட்டியிருந்தார். அடுத்த வருஷம் லாக்கரைத் திறக்கப் போனப்போதான் அவருக்கு விஷயமே தெரியுது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 2021 பிப்ரவரி 19-ஆம் தேதி தீர்ப்பாச்சு. இழப்பீடு 5 லட்சம், வழக்குச் செலவுக்கு 1 லட்சம் கொடுக்கச் சொன்னாங்க. உள்ளே இருந்த நகை எவ்வளவுங்கிறதை மட்டும் சிவில் கோர்ட்டுல தீர்த்துக்கச் சொல்லிட்டாங்க. ஆறு மாசத்துல ரிசர்வ் வங்கி விதி போடணும்னு அந்தத் தீர்ப்புலதான் உத்தரவு. நாம 2023-ல கையெழுத்துப் போட்ட புது ஒப்பந்தம் அப்படி வந்ததுதான்.

இப்போ உள்ள விதிப்படி தொடர்ந்து மூணு வருஷம் வாடகை வராம இருந்தாத்தான், அதுவும் முறையா நோட்டீஸ் கொடுத்துத்தான் உடைக்கலாம். கணக்குல பணம் இல்லாததால வாடகை எடுக்க முடியலைன்னாலும் அது பாக்கிதான். அதனால மார்ச் கடைசியில வாடகையும் வரியும் சேர்ந்த தொகை கணக்குல இருக்கான்னு பாருங்க. வீடு மாறினா, போன் நம்பர் மாறினா வங்கிக்கு எழுதிக் கொடுங்க. இல்லைன்னா நோட்டீஸ் பழைய விலாசத்துக்குப் போய் நிக்கும்.

கடைசியா ஒண்ணு. தீ, திருட்டு, கட்டடம் இடிஞ்சது, வங்கி ஊழியர் மோசடி இதனால நகை போனா, வங்கியோட பொறுப்பு வருஷ வாடகையைப் போல நூறு மடங்கு வரைக்கும்தான். எங்க 1,500-க்கு ஒன்றரை லட்சம். வெள்ளம், நிலநடுக்கம், இடி மாதிரி இயற்கைச் சீற்றத்துக்கு, வங்கி பக்கம் கவனக்குறைவு இல்லைன்னா, அந்தப் பொறுப்பும் கிடையாது. 2015 வெள்ளத்தைப் பார்த்த கடலூர் மாவட்டத்துக்காரங்க நாம. அதனால லாக்கர் தரைத்தளத்துல இருக்கா மாடியில இருக்கான்னும் பாருங்க. எங்களது தரைத்தளம். மாடிப் பக்கம் காலியானா மாத்தித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கேன். இன்னும் காலியாகல.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது லாக்கர் வச்சிருக்கிறவங்க பாஸ்புக்கையும் ஒப்பந்தத்தையும் எடுத்துக்கிட்டு வாங்க. ஏப்ரல் பக்கத்தைச் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.