முதலில் கிரீன்விச், பிறகு கழித்தல்

ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் கப்பல் வேலைக்குப் போகிற பிள்ளைகள் நிறைய. இவர்கள் கப்பல் ஏறுவது பெரும்பாலும் நம் துறைமுகத்தில் இல்லை. மீனம்பாக்கத்தில் விமானம் பிடித்து ஹூஸ்டனுக்கோ ராட்டர்டாமுக்கோ போய் அங்கே ஏறுகிறார்கள். அவர்களுக்கு டிக்கெட் போட்டுத் தரும் மேசையில் பல காலம் உட்கார்ந்தவன் நான். டிக்கெட்டில் இருக்கும் நேரத்தைப் பார்த்து, பயணம் உண்மையில் எவ்வளவு நேரம் என்று கணக்குப் போடுவதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

டிக்கெட்டில் உள்ள நேரம் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் கழிக்கும்போது மறந்துவிடுகிறோம். திருவொற்றியூரிலிருந்து ஓர் அம்மா பதறிப்போய் போன் செய்தார். "காலையில நாலு மணிக்குக் கிளம்பினான், நாலரைக்கு இறங்கிடுவான்னு போட்டிருக்கு, ராத்திரி ஒன்பது ஆச்சு, ஒரு போன் இல்லையே சார்" என்றார். பையன் அப்போது நடுவானில் இருந்தான்.

அந்த மாதிரி டிக்கெட் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். சென்னையில் காலை 4.00-க்குப் புறப்பாடு. துபாயில் 6.45-க்கு இறங்கி, 9.30-க்கு அடுத்த விமானம். ஹூஸ்டனில் அதே தேதி மாலை 4.30. அப்படியே கழித்தால் பன்னிரண்டரை மணி நேரம்தான் வரும்.

இதற்குப் பலர் சொல்லும் வழி, இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டு அல்லது கழி என்பது. எனக்கு அந்த வழியே பிடிக்காது. எப்போது கூட்டுவது, எப்போது கழிப்பது என்ற இடத்தில்தான் தப்பு வருகிறது. கப்பலில் ரேடியோ பதிவேடு எழுதுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கப்பல் எந்தக் கடலில் இருந்தாலும் அதில் கிரீன்விச் நேரம்தான் எழுதுவார்கள். நாமும் அதையே செய்வோம். முதலில் எல்லாவற்றையும் கிரீன்விச்சுக்குக் கொண்டு வாருங்கள், பிறகு கழியுங்கள்.

தாளில் தேதியையும் சேர்த்து எழுதுங்கள். ஜூலை 10 என்று வைத்துக்கொள்வோம். சென்னை, கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அதனால் காலை 4.00-இல் ஐந்தரையைக் கழித்தால் முந்தின நாள், 9-ஆம் தேதி இரவு 10.30. ஹூஸ்டன் கோடைக்காலத்தில் ஐந்து மணி நேரம் பின்னால். பின்னால் இருக்கும் ஊருக்குக் கூட்ட வேண்டும். மாலை 4.30-உடன் ஐந்தைக் கூட்டினால் 10-ஆம் தேதி இரவு 9.30. இப்போது கழியுங்கள்: 23 மணி நேரம். பன்னிரண்டரை எங்கே, இருபத்துமூன்று எங்கே! முன்னால் இருக்கும் ஊருக்குக் கழி, பின்னால் இருக்கும் ஊருக்குக் கூட்டு. இந்த ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்.

சரிபார்க்காமல் விடக்கூடாது. துபாய் நான்கு மணி நேரம் முன்னால். முதல் விமானம் நாலேகால் மணி நேரம், துபாயில் காத்திருப்பு இரண்டே முக்கால், இரண்டாவது விமானம் 16 மணி. கூட்டினால் அதே 23. துபாயிலிருந்து ஹூஸ்டன் சுமார் 13,000 கிலோமீட்டர். 16 மணியால் வகுத்தால் மணிக்கு 800 சொச்சம், ஜெட் விமானத்துக்குப் பொருந்துகிற வேகம். கணக்கில் 500 வந்தாலோ 1,200 வந்தாலோ நேர மண்டலத்தில் எங்கோ தப்பு இருக்கிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் டிக்கெட் நேரத்துக்குள் அடங்கும், அதனால் குறுகிய பயணத்தில் வேகம் குறைவாகத் தெரிவது சகஜம். திரும்பி வரும்போது மேல்காற்று பின்னாலிருந்து தள்ளும், பயணம் சுருங்கும். போன நேரமும் வந்த நேரமும் ஒன்றாக இல்லையே என்று குழம்ப வேண்டாம்.

அதிகம் ஏமாற்றுவது கோடைக் கடிகாரம். இந்தியாவிலும் துபாயிலும் அது இல்லை. அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு வரை. ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை. குளிர்காலத்தில் ஹூஸ்டன் ஆறு மணி நேரம் பின்னால் போய்விடும். பழைய டிக்கெட்டில் போட்ட கணக்கைப் புது டிக்கெட்டுக்கு வைத்தால் ஒரு மணி நேரம் பிசகும்.

இப்போதெல்லாம், "போனே சொல்லிடுது சார்" என்கிறார்கள் இளைஞர்கள். ஒரே டிக்கெட் என்றால் சரி. தனித்தனியாக வாங்கின இரண்டு டிக்கெட்டை இணைக்கும்போது இடையில் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதை நீங்கள்தான் போட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் அதே வழி: முதலில் கிரீன்விச், பிறகு கழித்தல்.

கப்பலுக்குப் போகிற தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். கிளம்பும் முன் அந்த 23 மணி நேரத்தைச் சென்னை நேரத்தோடு கூட்டி, "11-ஆம் தேதி விடியற்காலை 3.00-க்கு இறங்குவேன்" என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.