கடன் எழுதினால் வைப்பு பிறக்கும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் போட்ட பணத்தைத்தான் வங்கி எடுத்து இன்னொருவருக்குக் கடன் கொடுக்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கணக்கேட்டைப் பார்த்தால் நடப்பது வேறு.

தாராவியில் தோல் பை தைக்கும் ஒருவருக்கு, இயந்திரம் வாங்க ஒரு வங்கி 10 லட்சம் கடன் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கி பெட்டகத்தைத் திறப்பதில்லை. ஏட்டின் ஒரு பக்கத்தில் "வரவேண்டிய கடன் 10 லட்சம்" என்றும், மறுபக்கத்தில் அவர் கணக்கில் "வைப்பு 10 லட்சம்" என்றும் எழுதுகிறது. உங்கள் கணக்கிலோ என் கணக்கிலோ ஒரு காசும் குறையவில்லை. புதிய வைப்பு பிறந்துவிட்டது!

அப்படியானால் வரம்பே இல்லையா? இருக்கிறது. அவர் அந்தப் பணத்தை இயந்திர வியாபாரிக்குச் செலுத்துகிறார். வியாபாரியின் கணக்கு வேறொரு வங்கியில். உடனே ரிசர்வ் வங்கியில் முதல் வங்கிக்குள்ள இருப்பில் 10 லட்சம் குறைந்து, இரண்டாம் வங்கியின் இருப்பில் ஏறுகிறது. அந்த இருப்பு இல்லாவிட்டால் முதல் வங்கி வட்டிக்கு வாங்கியாவது கட்டவேண்டும்.

இரண்டாம் வங்கி, வந்த வைப்பில் 3 விழுக்காட்டை ரிசர்வ் வங்கியில் ரொக்க இருப்பாக வைக்கவேண்டும். 2025 நவம்பர் இறுதியில் வந்த விகிதம் இது. மேலும் 18 விழுக்காட்டை அரசுப் பத்திரம் போன்றவற்றில் வைக்கவேண்டும். 30 ஆயிரமும் 1 லட்சத்து 80 ஆயிரமும் போக, 7 லட்சத்து 90 ஆயிரத்தைக் கடன் தரலாம். அதுவும் மூன்றாவது வங்கியில் வைப்பாகும். இரண்டே கடனில் 17 லட்சத்து 90 ஆயிரம் புதிய வைப்பு. ஒரு நோட்டுகூட அச்சடிக்கப்படவில்லை!

இந்தச் சங்கிலி தானாக நீள்வதில்லை. மக்கள் ரொக்கமாக எடுத்தால் தளரும். தகுந்த கடனாளி இல்லாவிட்டால் நிற்கும். வங்கியின் சொந்த முதல் போதாவிட்டாலும் நிற்கும். கடன் அடையும்போது, பிறந்த வைப்பும் அழிகிறது.

கடன் திரும்பாவிட்டால்? வியாபாரியின் வைப்பு அப்படியே இருக்கும். அதை வங்கி கொடுத்தே ஆகவேண்டும். வரவேண்டியதுதான் பொய்த்தது. அந்த நட்டம் முதலில் வங்கியின் சொந்த முதலைத் தின்னும். அரசு வங்கியானால், அந்தப் பள்ளத்தை நிரப்ப நம் வரிப்பணமும் போகலாம்.

ஆகவே தோழர்களே, யார் பெயரில் அந்த 10 லட்சம் எழுதப்படுகிறது என்பதே அரசியல். 1969-இல் 14 வங்கிகள் நாட்டுடைமையானது இந்தக் கேள்வியால்தான். வணிக வங்கிகளின் கடனில் 40 விழுக்காடு உழவு, சிறுதொழில் போன்ற முன்னுரிமைத் துறைகளுக்கு என்பது இன்றும் விதி. தையற்காரருக்கு எழுதினால் பையும் வேலையும் பிறக்கும். இருக்கிற மனையையே கைமாற்றுவோருக்கு எழுதினால் மனை விலைதான் ஏறும். ஏட்டில் இரண்டும் ஒரே 10 லட்சம்தான்!